கபோசி கொடுத்த துப்பு

சிறுநீரகம் மாற்றிக்கொண்ட ஒருவருக்கும் எச்.ஐ.வி தொற்றுள்ள ஒருவருக்கும் பொதுவாக எந்த ஒற்றுமையும் இருப்பதில்லை. வயது வேறு, வாழ்க்கை வேறு, நோய் வந்த வழியும் வேறு. முதலாமவர் பொருத்திய உறுப்பை உடல் நிராகரிக்காமல் இருக்க, தன் எதிர்ப்பாற்றலை மாத்திரை போட்டு நாள்தோறும் தாழ்த்தி வைக்கிறார். இரண்டாமவரின் எதிர்ப்பாற்றலை ஒரு வைரஸ் கரைக்கிறது. இருவரிடமும் பலவீனப்படுவது முக்கியமாக ஒன்றுதான்: டி செல்கள் என்ற வெள்ளணுக்களின் வேலை. இந்த ஓர் ஒற்றுமையை மட்டும் வைத்துக்கொண்டு, இருவருக்கும் வரும் புற்றுநோய்களை அருகருகே எழுதிப் பார்த்தால் என்ன கிடைக்கும்?

ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ குருலிக்கும் அவரது சகாக்களும் 2007இல் அதைத்தான் செய்தார்கள். எச்.ஐ.வி தொற்றுள்ளவர்களைப் பற்றிய 7 ஆய்வுகளையும், உறுப்பு மாற்றிக்கொண்டவர்களைப் பற்றிய 5 ஆய்வுகளையும் சேர்த்துக் கணக்கிட்டு லான்செட் இதழில் வெளியிட்டார்கள். முதல் தொகுப்பில் 4,44,172 பேர், இரண்டாவதில் 31,977 பேர். 28 வகைப் புற்றுநோய்களைப் பார்த்ததில் 20 வகைகள் இரு தரப்பிலும் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தன. அந்த 20இல் பெரும்பாலானவை தொற்றுக் கிருமிகளால் வருபவை என்று ஏற்கெனவே தெரிந்தவை. உலகில் மிகப் பரவலாகக் காணப்படும் மார்பகப் புற்றுநோயும் புராஸ்டேட் புற்றுநோயும் எந்தத் தரப்பிலும் கூடவில்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் நான் முக்கியமானதாகக் கருதுகிறேன். "எதிர்ப்பு சக்தி குறைந்தால் கேன்சர் வரும்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். டி செல்கள் தளர்ந்தால் எல்லாப் புற்றுநோயும் கூடுவதில்லை. குறிப்பிட்ட சில கூடுகின்றன. எவை கூடுகின்றன என்று கவனித்தவர்கள் அதிலிருந்து புதிய வைரஸ்களையே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அறிவியல் முதலில் எதிர்பார்த்தது வேறு. 1950களின் பிற்பகுதியில் லூயிஸ் தாமஸ், மக்ஃபர்லேன் பர்னெட் ஆகிய இருவரும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். உடலில் புற்றணுக்கள் ஓயாமல் தோன்றிக்கொண்டே இருக்கின்றன, எதிர்ப்பு மண்டலம் அவற்றை வேற்றாளாக அடையாளம் கண்டு அழித்துவிடுகிறது என்பது அதன் சாரம். அது சரியென்றால் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு எல்லாப் புற்றுநோயும் ஒரே விகிதத்தில் கூட வேண்டும். அதைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பை 1960களில் உறுப்பு மாற்று அறுவை மருத்துவம் உண்டாக்கிக் கொடுத்தது. அமெரிக்காவின் டென்வர் நகரில் தாமஸ் ஸ்டார்சலின் குழு அசதயோபிரின், பிரெட்னிசோன் மருந்துகளின் துணையோடு சிறுநீரகங்களைப் பொருத்திவந்தது. நோயாளிகள் சிலருக்குப் புதிதாகப் புற்றுநோய் வருவதைக் கண்ட இஸ்ரேல் பென் என்ற அறுவை மருத்துவர், அத்தகையவர்களுக்கென 1968இல் ஒரு பதிவேட்டைத் தொடங்கினார். பதிவேடு வளர வளர அதில் நிணநீர்ப் புற்றுநோய் இருந்தது, தோல் புற்றுநோய் இருந்தது, அபூர்வ நோயான கபோசி சார்கோமாவும் எதிர்பாராத அளவில் இருந்தது. மார்பகமும் புராஸ்டேட்டும் கூடியதாகத் தெரியவில்லை.

இன்னொரு பக்கம், 1974இல் ஒசியாஸ் ஸ்டட்மன் தைமஸ் சுரப்பி இல்லாமல் பிறக்கும் மயிரற்ற எலிகளுக்கும் சாதாரண எலிகளுக்கும் புற்று உண்டாக்கும் வேதிப்பொருளைச் செலுத்திப் பார்த்தார். இரு கூட்டத்துக்கும் கட்டிகள் ஏறத்தாழ ஒரே அளவில்தான் வந்தன. பர்னெட்டின் கருத்து அதோடு கைவிடப்பட்டது போலானது. அந்த எலிகளில் எதிர்ப்பாற்றல் முழுக்க இல்லாமல் போகவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மேலும் நுட்பமான எலிச் சோதனைகள் அந்தக் கருத்துக்கு மீண்டும் உயிர் கொடுத்தன. ஆனால் மனிதர்களிடம் எழுந்த கேள்வி அப்படியே நின்றது: ஏன் சில மட்டும்?

விடைக்கான துப்பு கபோசி சார்கோமாவில் இருந்தது.

1872இல் வியன்னாவில் தோல் மருத்துவர் மோரிட்ஸ் கபோசி ஐந்து ஆண் நோயாளிகளை வைத்து இதை முதலில் விவரித்தார். கால்களில் கருநீலம் அல்லது பழுப்பு நிறத் தடிப்புகள் தோன்றிப் பெருகும். பிறகு நூறாண்டுக் காலம் இது மத்தியதரைக் கடலோரத்திலும் கிழக்கு ஐரோப்பாவிலும் பிறந்த முதிய ஆண்களுக்கு மெல்ல வரும் நோய் என்றே பாடநூல்கள் சொல்லிவந்தன. ஆப்பிரிக்காவின் நடுப்பகுதியிலும் கிழக்கிலும் இது பரவலாக இருப்பது இருபதாம் நூற்றாண்டின் நடுவில் கவனத்துக்கு வந்தது. பிறகு 1981 ஜூலை 3 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார அறிக்கை, நியூயார்க்கிலும் கலிபோர்னியாவிலும் 26 ஆண்களுக்குக் கபோசி சார்கோமா வந்திருப்பதாகச் சொன்னது. அவர்கள் முதியவர்கள் அல்லர், தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்கள். உலகம் எய்ட்ஸைப் பற்றி அறிந்த முதல் செய்திகளில் இதுவும் ஒன்று.

எச்.ஐ.வி கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, கபோசிக்குக் காரணமும் அதுவே என்று எண்ணுவது இயல்பாக இருந்தது. அந்த எண்ணத்தைக் கலைத்தது ஆய்வகமல்ல, ஓர் எண்ணிக்கை ஆய்வு. 1990இல் வலரி பெரல் என்ற தொற்றுநோயியல் அறிஞரும் சகாக்களும், 1989 மார்ச் வரை அமெரிக்காவில் பதிவான 90,990 எய்ட்ஸ் நோயாளிகளின் விவரங்களைப் பிரித்துப் பார்த்தார்கள். கபோசி இவர்களிடம் பொதுமக்களைவிடக் குறைந்தது 20,000 மடங்கு அதிகம். வேறு காரணங்களால் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களைவிடவும் ஏறத்தாழ 300 மடங்கு அதிகம். எய்ட்ஸ் நோயாளிகளுக்குள்ளேயே வேறுபாடு இன்னும் விசித்திரமாக இருந்தது. ஆண்களோடு உறவு கொண்ட ஆண்களில் 21 சதவீதம் பேருக்குக் கபோசி. ரத்தம் உறையாமை நோய்க்காக ஏற்றிக்கொண்ட ரத்தப்பொருள் வழியே எச்.ஐ.வி பெற்ற ஆண்களில் 1 சதவீதம் பேருக்கு மட்டும்.

இரு கூட்டத்திலும் எச்.ஐ.வி இருக்கிறது, டி செல்களும் அழிகின்றன. அப்படியானால் இந்த இருபது மடங்கு வேறுபாட்டை எச்.ஐ.வி-யால் விளக்க முடியாது. முதல் கூட்டத்தில் பரவியும் இரண்டாவதில் பரவாமலும் இருக்கும் இன்னொரு கிருமி இருந்தாக வேண்டும், அது முக்கியமாக உடலுறவில் பரவுவதாக இருக்க வேண்டும் என்று பெரலின் குழு எழுதியது. யாரும் பார்த்திராத ஒரு வைரஸை வெறும் அட்டவணைகளிலிருந்து ஊகித்துச் சொன்ன துணிவு அது.

நான்கு ஆண்டுகளில் அது அகப்பட்டது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் யுவான் சாங், பாட்ரிக் மூர் என்ற கணவன் மனைவி இருவரும் கையாண்ட வழி எளிதாக விளக்கக்கூடியது. ஒரே நோயாளியின் உடலிலிருந்து கபோசிக் கட்டியின் டி.என்.ஏ-வையும் நோயற்ற திசுவின் டி.என்.ஏ-வையும் எடுத்தார்கள். இரண்டுக்கும் பொதுவானவற்றையெல்லாம் கழித்துவிட்டு, கட்டியில் மட்டும் எஞ்சும் துணுக்குகளைப் பெருக்கினார்கள். மிஞ்சியவை மனித மரபணுவாக இல்லை, ஹெர்ப்பிஸ் குடும்ப வைரஸ்களை ஒத்திருந்தன. சோதித்த 27 கபோசித் திசுக்களில் 25இல் அவை இருந்தன. 1994 டிசம்பரில் சயன்ஸ் இதழில் அறிவிக்கப்பட்ட இந்த வைரஸின் இன்றைய பெயர் மனித ஹெர்ப்பிஸ் வைரஸ் 8.

அதற்குப் பிறகு நோயின் பழைய வரைபடம் முழுவதும் பொருள் கொண்டது. மத்தியதரைக் கடலோரம், கிழக்கு ஆப்பிரிக்கா, நியூயார்க்கின் தன்பாலீர்ப்பு ஆண்கள் என்று தொடர்பற்றுத் தெரிந்தவை எல்லாம் இந்த வைரஸ் நிறைந்திருக்கும் இடங்கள். எச்சில் வழியே இது எளிதாகப் பரவுகிறது. தொற்றியவருக்கு ஆயுள் முழுதும் உடலை விட்டுப் போவதில்லை. ரத்தக் குழாய்களின் உட்சுவர் செல்களிலும் பி செல்களிலும் சத்தமின்றித் தங்கி, லானா என்ற ஒரு புரதத்தின் உதவியால் தன் மரபணுவைச் செல்லின் மரபணுவோடு கட்டிவைத்துக்கொள்கிறது. செல் பிரியும்போது வைரஸும் பிரிந்து இரண்டுக்கும் போகிறது. எதிர்ப்பாற்றல் நல்ல நிலையில் இருப்பவரிடம் டி செல்கள் இப்படிப்பட்ட செல்களைத் தேடி அழித்து எண்ணிக்கையை அடக்கி வைக்கின்றன. அதனால் தொற்று உள்ளவர்களில் மிகப் பெரும்பான்மையோருக்குப் புற்று வருவதே இல்லை. நோய்க்கு இரண்டும் சேர வேண்டும்: வைரஸும் வேண்டும், டி செல்களின் தளர்ச்சியும் வேண்டும். ரத்தப்பொருளால் எச்.ஐ.வி பெற்றவர்களிடம் இரண்டாவது இருந்தது, முதலாவது பெரும்பாலும் இல்லை.

உறுப்பு மாற்றிலும் இதே கணக்குதான். 1980களில் சவூதி அரேபியாவில் சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களுக்கு வந்த புற்றுநோய்களில் கபோசியே முன்னிலையில் இருந்தது. இத்தாலியின் சில பகுதிகளிலும் அடிக்கடி வந்தது. வைரஸ் அரிதாக உள்ள நாடுகளில் மருத்துவர்கள் அதைக் கண்டதே குறைவு. 2003இல் இத்தாலிய ஆய்வாளர்கள் இன்னும் வியப்பான ஒன்றைக் காட்டினார்கள். ஆணின் சிறுநீரகத்தைப் பெற்ற பெண்களில் சிலருக்கு வந்த கபோசிக் கட்டியின் செல்களில் ஒய் குரோமோசோம் இருந்தது. அதாவது கட்டி அந்தப் பெண்ணின் செல்லிலிருந்து வளர்ந்ததல்ல. வைரஸ் ஏற்கெனவே குடியேறியிருந்த கொடையாளரின் செல்கள் சிறுநீரகத்தோடு வந்து, மருந்தால் தாழ்த்தப்பட்ட உடலில் வேரூன்றியவை.

இப்படி ஒரு நோயாளியின் வழியில் மருத்துவம் என்ன செய்கிறது என்று பார்க்கலாம். இவர் எந்தத் தனி மனிதரும் அல்லர், ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் மாதிரி. தென் இத்தாலியர், வயது ஐம்பதைத் தாண்டியவர், சிறுநீரகம் மாற்றி ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. சைக்ளோஸ்போரின், மைக்கோஃபினோலேட், பிரெட்னிசோலோன் ஆகிய மூன்றும் சாப்பிடுகிறார். கணுக்காலுக்கு மேலே கருநீல நிறத்தில் இரண்டு புள்ளிகள் தோன்றுகின்றன. வலியில்லை, அரிப்பில்லை. அடிபட்ட கன்றல் என்று நினைத்து விட்டுவிடுகிறார். கன்றல் என்றால் இரண்டு வாரத்தில் பச்சையாகி மஞ்சளாகி மறைய வேண்டும். இது மறையவில்லை, தடித்து ஐந்தாறாகிறது, கால் லேசாக வீங்குகிறது. கறுத்த தோலில் இந்தப் புள்ளிகள் ஊதாவாகத் தெரியாமல் அடர் பழுப்பாகவோ கறுப்பாகவோ தெரியும் என்பதால் இன்னும் எளிதாகத் தவறிப்போகும். வாயைத் திறக்கச் சொல்லி மேலண்ணத்தைப் பார்ப்பது இதனால்தான் முக்கியம். அங்கே தோலின் நிறம் மறைப்பதில்லை.

கண்ணால் பார்த்து முடிவு செய்வதில் ஒரு பொறி இருக்கிறது. பார்ட்டோனெல்லா என்ற பாக்டீரியா, எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களின் தோலில் இதே போன்ற சிவந்த முடிச்சுகளை உண்டாக்கும். அது டாக்ஸிசைக்ளின் அல்லது எரித்ரோமைசின் கொடுத்தால் ஆறிவிடும் தொற்று, புற்று அல்ல. ஆகவே ஒரு முடிச்சிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பயாப்சி பார்த்தாக வேண்டும். நுண்ணோக்கியில் கதிர் வடிவச் செல்களும் அவற்றுக்கிடையே ரத்த அணுக்கள் கசிந்த பிளவுகளும் தெரியும். லானா புரதத்துக்குச் சாயமேற்றினால் செல் உட்கருக்களில் புள்ளி புள்ளியாகப் பிடிக்கும். அது தெரிந்தால் ஐயம் தீர்ந்தது. இருமலோ மலத்தில் ரத்தமோ இருந்தால் நுரையீரலையும் குடலையும் பார்ப்பார்கள், ஏனெனில் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

சிகிச்சையில் முதல் எண்ணம் புற்றைக் கொல்வதல்ல, டி செல்களை விடுவிப்பது. எதிர்ப்பாற்றல் தாழ்த்தும் மருந்துகளைக் குறைத்தால் கபோசி சுருங்குவது பல ஆண்டுகளாகத் தெரிந்த விஷயம். சிக்கல் என்னவென்றால், விடுதலை பெற்ற அதே டி செல்கள் பொருத்திய சிறுநீரகத்தையும் தாக்கும். புற்று போனது, சிறுநீரகமும் போனது, நோயாளி மீண்டும் டயாலிசிஸுக்குத் திரும்பினார் என்ற கதைகள் ஏராளம்.

இந்த இடத்தில் பாரி பல்கலைக்கழகத்தின் குழு 2005இல் ஒரு வழியைக் காட்டியது. சைக்ளோஸ்போரின், டி செல் தூண்டப்பட்டதும் தன் பெருக்கத்துக்காக எழுப்பும் முதல் சமிக்ஞையையே அடைக்கும் மருந்து. சிரோலிமஸ் அடைப்பது வேறு ஒரு கண்ணியை, எம்டார் என்ற புரதத்தை. உறுப்பை நிராகரிக்கும் டி செல்களுக்கு எம்டார் தேவை. கபோசியின் செல்களுக்கும் அது தேவை, வைரஸின் மரபணுக்களில் ஒன்றே அந்தக் கண்ணியை முடுக்கிவிடுகிறது. ஆகவே ஒரே மருந்து சிறுநீரகத்தைக் காக்கவும் கட்டியை ஒடுக்கவும் கூடும் என்று எண்ணினார்கள். கபோசி வந்த 15 சிறுநீரக நோயாளிகளுக்கு சைக்ளோஸ்போரினையும் மைக்கோஃபினோலேட்டையும் நிறுத்திவிட்டு சிரோலிமஸ் தொடங்கினார்கள். மூன்று மாதங்களில் 15 பேருக்கும் தோல் புள்ளிகள் மறைந்தன. யாருக்கும் திடீர் நிராகரிப்பு நேரவில்லை. நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் இது வந்தபோது உறுப்பு மாற்று மருத்துவர்களின் வழக்கமே மாறிற்று.

15 பேர் என்பது சிறிய எண்ணிக்கை, ஒப்பிட்டுப் பார்க்க மறுதரப்பும் இல்லை. பிற்பாடு வந்த அனுபவங்களில் எல்லாருக்கும் முழுமையாக மறையவில்லை, சிலருக்கு நோய் திரும்பியது. சிரோலிமஸால் வாய்ப்புண் வரும், கொழுப்புச் சத்து ஏறும், சிறுநீரில் புரதம் கசியும், காயம் ஆறத் தாமதமாகும். ஆகவே எல்லோரையும் முன்கூட்டியே இந்த மருந்துக்கு மாற்றுவதில்லை. ஆயினும் ஒரு புற்றுநோய், கீமோதெரபி இல்லாமல், ஒரு மாத்திரையை இன்னொரு மாத்திரையாக மாற்றியதால் மறைகிறது என்பது புற்றுநோய் மருத்துவத்தில் அடிக்கடி காண்பதல்ல.

எச்.ஐ.வி தரப்பில் டி செல்களை மீட்பது கூட்டு மருந்தான ஏ.ஆர்.டி-யின் வேலை. 1996க்குப் பின் இந்த மருந்துகள் புழக்கத்துக்கு வந்ததும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கபோசி வேகமாகக் குறைந்தது. தோலில் மட்டும் சில புள்ளிகள் இருப்பவருக்கு ஏ.ஆர்.டி மட்டுமே போதுமானதாக இருப்பதுண்டு. வீக்கம், புண், உள்ளுறுப்பு நோய் இருந்தால் பாக்ளிடாக்செல் அல்லது லைப்போசோம் வடிவிலான டாக்சோரூபிசின் சேர்க்க வேண்டும்.

இங்கேயும் ஒரு பொறி உண்டு. ஏ.ஆர்.டி தொடங்கிய சில வாரங்களில் கபோசி குறையாமல் திடீரெனப் பெருத்து எழலாம். திரும்பி வந்த எதிர்ப்பாற்றல் அழற்சியைக் கிளப்புவதன் விளைவு அது. அப்படி ஒரு கிளர்ச்சி காசநோயில் நேர்ந்தால் ஸ்டீராய்டு கொடுத்து அடக்குவது மருத்துவர்களுக்குப் பழக்கம். கபோசியில் ஸ்டீராய்டு கொடுத்தால் புற்று இன்னும் வேகமாக வளரும், உயிரும் போகலாம். வேறு ஏதோ காரணத்துக்காகப் பிரெட்னிசோலோன் சாப்பிடும்போது கபோசி முதன்முதலாகத் தோன்றியவர்களும் இருக்கிறார்கள்.

மருந்தை எப்போது தொடங்குவது என்ற கேள்விக்கு 2015இல் முடிவு சொன்ன ஸ்டார்ட் என்ற பன்னாட்டு ஆய்வும் நம் கேள்விக்கு உதவுகிறது. டி செல் எண்ணிக்கை 500க்கு மேல் நன்றாக இருந்த 4,685 பேரில் பாதிப் பேருக்கு உடனே மருந்து, மீதிப் பேருக்கு எண்ணிக்கை இறங்கிய பிறகு. உடனே தொடங்கியவர்களில் 14 பேருக்குப் புற்றுநோய் வந்தது, தள்ளிப்போட்டவர்களில் 39 பேருக்கு. தொற்றுக் கிருமியால் வரும் புற்றுகளை மட்டும் எடுத்தால் 6க்கு எதிராக 23. மற்றவற்றிலும் குறைவு தெரிந்தது, 8க்கு எதிராக 16. ஆனால் அது தற்செயல் அல்ல என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை.

கபோசியில் வென்ற தர்க்கத்தைச் சாங்கும் மூரும் மறக்கவில்லை. பிட்ஸ்பர்க்குக்கு இடம்பெயர்ந்த பிறகு, மெர்கல் செல் கார்சினோமா என்ற அபூர்வமான, கொடிய தோல் புற்றின் மேல் அவர்கள் கண் விழுந்தது. காரணம் அது முதியவர்களோடு, எய்ட்ஸ் நோயாளிகளுக்கும் உறுப்பு மாற்றிக்கொண்டவர்களுக்கும் அதிகம் வருகிறது என்ற ஒன்றுதான். இரு தரப்பிலும் கூடுகிறதென்றால் உள்ளே ஒரு வைரஸ் இருக்கலாம். கட்டியில் வெளிப்படும் மரபணுச் செய்திகளிலிருந்து மனிதனுடையவை அனைத்தையும் கணினியில் கழித்தார்கள். 2008இல் அதுவரை அறியப்படாத ஒரு பாலியோமா வைரஸ் கிடைத்தது, சோதித்த 10 கட்டிகளில் 8இல் அது இருந்தது. ஒரே யோசனையால் ஒரே தம்பதி இரண்டு புற்று வைரஸ்களைக் கண்டார்கள்.

இந்தத் தர்க்கத்துக்கு அடங்காதவையும் உண்டு. வெள்ளைத் தோலர்களில் உறுப்பு மாற்றிக்கொண்டவர்களுக்கு மிக அதிகமாகக் கூடுவது செதிள் செல் தோல் புற்று. அதில் முதல் குற்றவாளி வெயில். அசதயோபிரின் போன்ற மருந்துகள் தோலின் டி.என்.ஏ-வைப் புற ஊதாக் கதிருக்கு எளிதில் பலியாகும்படி மாற்றிவிடுகின்றன. வைரஸின் பங்கு அங்கே இன்னும் விவாதத்தில் இருக்கிறது. உறுப்பு மாற்றிக்கொண்டவர்களுக்குச் சிறுநீரகப் புற்று கூடுவதற்குப் பெரும்பாலும் காரணம், செயலிழந்து உள்ளேயே விடப்பட்ட பழைய சிறுநீரகத்தில் உருவாகும் நீர்க்கட்டிகள். எச்.ஐ.வி உள்ளவர்களின் நுரையீரல் புற்றுக்குப் புகைப்பழக்கம் பெரும் பங்கு வகிக்கிறது. வைரஸ் இல்லாத மெலனோமாவில் டி செல்களைத் தூண்டும் புதிய மருந்துகள் வேலை செய்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது. டி செல்களுக்கு எல்லாப் புற்றும் தெரியாது என்று சொல்ல முடியாது. புற்று தோன்றும் கட்டத்திலேயே அவற்றின் காவலை நம்பியிருப்பவை மிகுதியும் வைரஸ் விதைத்த புற்றுகள் என்று சொல்வதே இன்றைய சான்றுகளுக்குப் பொருந்துகிறது.

இனி நம் ஊருக்கு வரலாம். இந்தியாவில் எச்.ஐ.வி முதன்முதலாக உறுதிசெய்யப்பட்டது 1986இல், சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகளில். அமெரிக்கப் பாடநூல்களைப் படித்தவர்கள் அடுத்து இங்கேயும் கபோசி பெருகும் என்றே எதிர்பார்த்திருப்பார்கள். பெருகவில்லை. எய்ட்ஸ் பரவிய பத்தாண்டுகளில் இங்கே மருத்துவமனைகளை நிறைத்தது காசநோய். கபோசி அபூர்வமாகவே வந்தது, இன்றும் அப்படித்தான். பெரலின் அட்டவணையைப் புரிந்துகொண்டவருக்கு இதில் வியப்பில்லை: மனித ஹெர்ப்பிஸ் வைரஸ் 8 இந்திய மக்களிடம் மிகக் குறைவு.

ஆனால் இங்கே மிகுதியாக உள்ள இன்னொரு வைரஸ் இருக்கிறது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. எச்.ஐ.வி தொற்றுள்ள பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட ஏறத்தாழ 6 மடங்கு. 1993லேயே இது எய்ட்ஸை வரையறுக்கும் நோய்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டுவிட்டது. நியாயமாகப் பார்த்தால் நம் நாட்டில் இந்தத் துறையின் முதல் கவலை கபோசி அல்ல, இதுதான்.

இங்கே ஏ.ஆர்.டி மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். கபோசியைப் போல எச்.பி.வி புண்கள் டி செல் திரும்பியதும் எளிதில் மறைவதில்லை. நீண்ட காலம் தங்கிய வைரஸ் கருப்பைவாய்ச் செல்லின் மரபணுவைச் சிதைத்துவிட்டிருந்தால், பிறகு வைரஸைக் கட்டுப்படுத்தினாலும் அந்தச் செல் தன் போக்கில் போகும். முற்றுவதற்கு முன்பே அந்தப் புண்ணைக் கண்டுபிடித்து நீக்குவதுதான் வழி. அது பலன் தரும் என்பதற்கு உடலின் இன்னோர் இடத்திலிருந்து வலுவான சான்று கிடைத்திருக்கிறது. எச்.பி.வி-யால் வரும் ஆசனவாய்ப் புற்றைப் பற்றி அமெரிக்காவில் நடந்த ஆங்கர் ஆய்வில், எச்.ஐ.வி உள்ள 35 வயதுக்கு மேற்பட்ட 4,459 பேருக்குப் புற்றுக்கு முந்தைய நிலைப் புண்கள் இருந்தன. பாதிப் பேருக்கு அவற்றை உடனே நீக்கினார்கள், மீதிப் பேரைக் கண்காணித்து மட்டும் வந்தார்கள். நீக்கியவர்களில் 9 பேருக்கும் கண்காணித்தவர்களில் 21 பேருக்கும் புற்று வந்தது. 57 சதவீதக் குறைவு. 2022இல் இந்த முடிவு வெளியானது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021 பரிந்துரை, எச்.ஐ.வி உள்ள பெண்களுக்கு 25 வயதிலேயே எச்.பி.வி சோதனையைத் தொடங்கி, 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒரு முறை திரும்பச் செய்யச் சொல்கிறது. மற்றப் பெண்களுக்கு 30 வயதில் தொடங்கினால் போதும். இந்தியாவில் இலவச ஏ.ஆர்.டி 2004 ஏப்ரலில் தொடங்கியபோது தாம்பரம் மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்று. இருபது ஆண்டுகளாக மாதந்தோறும் மாத்திரை வாங்க வரும் பெண்கள் இன்று நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் இருக்கிறார்கள். காசநோய் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கேட்கும் மையம், கருப்பைவாய்ச் சோதனை எப்போது செய்தீர்கள் என்றும் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அவர்களே கேட்கலாம். சோதனை வசதி இல்லாத இடத்திலும் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் முறை இருக்கிறது. அது எச்.பி.வி சோதனை அளவுக்குத் துல்லியமானதல்ல, ஒன்றும் செய்யாமல் விடுவதைவிட மேல்.

உறுப்பு மாற்றிக்கொண்டவர்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு. இதைப் படித்துவிட்டு மாத்திரையைத் தாமாகக் குறைத்தால் புற்று வராமல் போகாது, உறுப்புதான் போகும். மருந்தின் அளவு மருத்துவரின் பொறுப்பு. நோயாளியின் பொறுப்பு, கழுத்திலோ அக்குளிலோ புதிதாகத் தோன்றும் கட்டியையும், காரணமில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் காய்ச்சலையும், கன்றல் போல் வந்து மறையாத புள்ளியையும் அடுத்த சந்திப்பு வரை காத்திராமல் போய்க் காட்டுவது. பெண்ணாக இருந்தால், மேலே சொன்ன கருப்பைவாய்ச் சோதனை அவருக்கும் பொருந்தும்.